பதினைந்து பேருக்கு அனுப்பினால் பத்தாயிரம் வைரம்

ஒரு விளையாட்டுக் கம்பெனி என் மகளுக்குப் பத்தாயிரம் வைரத்தை இனாமாகக் கொடுக்கப் போகிறது என்று நான் நம்பினேன். யாரும் என்னை மிரட்டவில்லை, மயக்க மருந்து கொடுக்கவில்லை. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கையில் டீ டம்ளருடன், முழு நினைவோடு நம்பினேன். வயது நாற்பத்தெட்டு. தலைமுடியெல்லாம் அனுபவத்தில் கொட்டியது என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிற ஆள்.

என் தரப்பு நியாயத்தையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான் பெயிண்டர். எங்கள் தொழிலில் பெயிண்ட் டப்பாவின் மூடிக்கு அடியில் ஒரு டோக்கன் இருக்கும். சுரண்டினால் எண் தெரியும். அந்த எண்ணைக் கம்பெனிக்கு அனுப்பினால் பரிசு வரும். என் வீட்டு மிக்சியே அப்படி டப்பாவிலிருந்து வந்ததுதான். சுவர்க் கடிகாரம், இரண்டு பயணப் பை, என் மனைவி இன்றுவரை பிரிக்காத ஒரு டின்னர் செட், எல்லாம் டப்பாவிலிருந்து வந்தவைதான். இருபத்தைந்து வருடமாக எண்ணை அனுப்பிப் பொருளை வாங்கிய மனிதனிடம் "லிங்கைத் தட்டினால் வைரம்" என்று சொன்னால் அவன் எதற்குச் சந்தேகப்பட வேண்டும்? சும்மா கொடுப்பது எங்களுக்கு மோசடி அல்ல, வழக்கம்.

லிங்க் வந்தது எங்கள் டிங்கரின் போனிலிருந்து. லாரி கேபினில் ஒடுக்கு எடுக்கிறவன். எனக்கு நேர் எதிரே நின்று டீ குடித்துக்கொண்டுதான் அனுப்பினான்.

"அண்ணா, உங்க பாப்பா அந்தத் துப்பாக்கி வெளையாட்டு ஆடுதில்லீங்களா? என்ற பையனுக்கு இப்பத்தான் போட்டுட்டேன். நீங்களும் போட்டுருங்க. இன்னிக்கு ஒரு நாளைக்குத்தானாமா."

"உனக்கு வந்துருச்சாடா?"

"வந்துருமுங்ணா. எரநூறு பேரு வந்துருச்சுன்னு எழுதியிருக்கான் பாருங்க."

பார்த்தேன். அந்த விளையாட்டின் படம், துப்பாக்கியோடு ஒரு பெண், பின்னால் நெருப்பு. மேலே ஒரு கடிகாரம் ஒன்பது நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கீழே வரிசையாகக் கருத்துகள்: வந்துவிட்டது, நன்றி, நான் நம்பவே இல்லை, இப்போது நம்புகிறேன். ஒருவர்கூடத் திட்டவில்லை. நாமக்கல் பேருந்து நிலையத்து இலவசக் கழிப்பறையைப் பற்றிக் கேட்டாலும் பத்துப் பேரில் நாலு பேர் திட்டுவார்கள். இங்கே ஒரு ஆள் இல்லை. எனக்கு அது உறைக்கவில்லை.

என் மகளுக்குப் பதினாலு வயது. அந்த விளையாட்டை மூன்று வருடமாக ஆடுகிறாள். நான்கு பெண்கள் சேர்ந்த ஒரு அணிக்கு அவள்தான் தலைவி. அவளுடைய கணக்கில் இருந்த உடைகளும் பட்டங்களும் விலை கொடுத்து வாங்கியவை அல்ல. ஒவ்வொன்றும் ஆடி ஜெயித்தது. அந்தக் கணக்கை அவள் வைத்திருந்த பதவிசு இருக்கிறதே, நான் என் ஸ்பிரே கன்னைக்கூட அப்படி வைத்ததில்லை. விளையாட்டுக்குள் காசாகச் செல்லும் அந்த வைரத்தைக் கொடுத்து ஒரு உடை வாங்க வேண்டுமென்று அவளுக்கு ஆசை, கேட்க மாட்டாள். அப்பா கையால் வந்து விழட்டும் என்று நினைத்தேன்.

தட்டினேன். எவ்வளவு வைரம் வேண்டும் என்று கேட்டது. பெரிய எண்ணையே தேர்ந்தெடுத்தேன், கஞ்சத்தனம் எதற்கு? அடுத்து, கணக்கில் நுழையச் சொன்னது. அவளுடைய விளையாட்டு ஒரு மெயில் கணக்கோடு கட்டப்பட்டிருந்தது. அதை அவளுக்குத் திறந்து கொடுத்ததே நான். என் போன் எண்தான் அதற்குக் காவல். அந்த மெயில் என் போனிலும் உண்டு. அதனால் மற்ற இடங்களில் கடவுச்சொல் கேட்டால் போனே தானாக நிரப்பிவிடும். இங்கே நிரப்பவில்லை. பெட்டி காலியாக நின்றது. தின்னர் பட்ட கையால் தொட்டுத் தொட்டுப் போன் கெட்டுவிட்டது என்று நானே எழுத்து எழுத்தாக அடித்தேன்.

இப்போது சொல்கிறேன், போன் கெடவில்லை. அந்தப் பக்கத்தின் முகவரி அதற்குத் தெரியாத முகவரி. தெரியாத வாசலில் சாவி போட மாட்டேன் என்று அது நின்றிருக்கிறது. என்னைவிட அதற்குப் புத்தி.

போன் அதோடு விடவில்லை. மறுபடி ஒரு முறை கூப்பிட்டுக் கேட்டது. திரையில் பெரிய எழுத்தில்: "கணக்கில் நுழைய முயல்வது நீங்கள்தானா?" அதன் கீழே நான் வைத்திராத ஒரு போனின் பெயர். அதன் கீழே நான் போகாத ஒரு வடநாட்டு ஊர். கம்பெனி ஆபீஸ் அங்கேதான் இருக்கும் போல என்று எண்ணிக்கொண்டு, "ஆம், நான்தான்" என்பதை அழுத்தினேன். அடையாள அட்டை கேட்காமலே திருடனுக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டது அந்த நொடியில்தான்.

அப்புறம் பதினைந்து பேருக்கு அனுப்பச் சொன்னது. பெயிண்டர் குரூப்பில் போட்டேன், வாழப்பாடியில் இருக்கும் கொழுந்தியாளுக்குப் போட்டேன், எண்ணி முடித்தேன். கடைசியாக ஒரு பச்சை டிக் வந்து சொன்னது: "வைரம் இருபத்து நாலு மணி நேரத்தில் வரும். அதுவரை விளையாட்டைத் திறக்க வேண்டாம்."

சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள் நான். உடனே வீட்டுக்கு அழைத்தேன். மகள் எடுத்தாள்.

"சாமி, நாளைக்கு வரைக்கும் கேமைத் தொறக்காத."

"ஏங்ப்பா?"

"காரணம் இருக்குது. தொறக்காத."

 டாக்டர் நோயாளியிடம் கேட்கிற குரலில் கேட்டாள்: "அப்பா, எதையாச்சும் தட்டுனீங்களா?"

"தட்டுனேன். நல்ல விசயந்தான்."

"பாஸ்வேர்ட் போட்டீங்களா?"

"போடாம எப்படி சாமி வைரம் வரும்?"

"அந்த அட்ரஸ மேல இருக்கறத அப்படியே படிங்க. மெதுவா."

படித்தேன். விளையாட்டின் பெயர் முதலில் இருந்தது. "பாத்தியா, கம்பெனி பேருதான்" என்றேன். ஒரு கோடு, பிறகு இனாம் என்று பொருள்படும் ஒரு சொல், பிறகு ஒரு புள்ளி, பிறகு வாயில் நுழையாத ஏதோ ஒன்று, மறுபடி புள்ளி, இன்னும் இரண்டு எழுத்து, பிறகு சாய்கோடு.

"அந்தச் சாய்கோட்டுக்கு முன்னாடி கடைசியா இருக்கறதுதாங்ப்பா ஊட்டுக்காரன் பேரு. முன்னாடி என்ன வேணா எழுதிக்கலாம். நீங்க லாரியில முதலமைச்சர் பேர எழுதுனா லாரி அவருதாயிருமா?"

 பேசிக்கொண்டே அவள் விளையாட்டைத் திறந்துவிட்டாள். "வேறொரு கருவியில் இந்தக் கணக்கு திறக்கப்பட்டுள்ளது" என்று சொல்லி அவளை வெளியே தள்ளியது. மெயிலைத் திறந்தாள். கடவுச்சொல் மாறியிருந்தது. "அப்பா, ஆட்டையப் போட்டுட்டான்" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நிதானமாக இருந்திருப்பேன்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் நான் செய்தவற்றை வரிசையாகச் சொன்னால் என் மேல் இருக்கும் மரியாதை போய்விடும். இருப்பதே கொஞ்சம்தான், சொல்லிவிடுகிறேன். முதலில் போனை அணைத்தேன். அணைத்தாலும் உள்ளே திருடன் உட்கார்ந்திருப்பானே என்று பயம். அதனால் பேட்டரியைக் கழற்றப் பார்த்தேன். அது கழலாத ரகம். சிம்மைக் கழற்றினேன். கழற்றிய சிம் பறந்துவிடக் கூடாதென்று, பெயிண்ட் அடிக்காமல் மறைக்க ஒட்டும் தாள் டேப்பை எடுத்து ஒரு டப்பா மூடியின் மேல் ஒட்டினேன். போனை ஈரச் சாக்கில் சுற்றினேன். ஏன் ஈரச் சாக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெல்டிங் பொறி விழுந்தால் ஈரச் சாக்கு போடுவோம். கை பழகிய வேலையைச் செய்தது. டிங்கர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணா, தீயுங்களா?"

"உம் பையன் கணக்கைப் போய்ப் பாருடா மொதல்ல!"

கத்திவிட்டு வண்டியை எடுத்தேன். நாலு கிலோமீட்டர். மூக்கில் மாஸ்க், கையில் ஈரச் சாக்கு மூட்டை. சுங்கச்சாவடிக்காரன் கூட ஒதுங்கி வழிவிட்டிருப்பான்.

வீட்டில் மகள் மேசையில் உட்கார்ந்து, அம்மாவின் போனில் மெயில் கணக்கை மீட்கும் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். முகவரியைத் தானே அடித்துத் திறந்ததாகச் சொன்னாள். தேடினால் வரும் உதவி எண்களும் பாதி திருடர்களாம். கையை நீட்டினாள்.

"காவலுக்கு உங்க நம்பர் இன்னும் இருக்குதுங்ப்பா. அவன் மாத்தல. இப்ப அதுக்கு ஒரு கோடு நம்பர் வரும். போனக் குடுங்க."

சாக்கை அவிழ்த்துக் கொடுத்தேன். போனை இயக்கினாள். சிம் இல்லை என்றது.

"சிம்மு?"

என் மனைவி என் முகத்தைப் பார்த்ததுமே தலையில் கை வைத்துவிட்டாள். "ஏனுங்க, எங்க வெச்சீங்க?"

"டப்பா மூடியில. பத்திரமா."

திருடன் மூன்று வருடக் கணக்குக்குள் உலாத்திக்கொண்டிருக்க, அவனை விரட்டுகிற ஒரே சாவியை நானே கழற்றி, ஒட்டி, நாலு கிலோமீட்டர் தள்ளிப் பட்டறையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். என் மனைவி டிங்கரை அழைத்தாள். "தம்பி, அந்த மூடிய எடுத்துக்கிட்டு ஓடியாங்க." அவன் எந்த மூடி என்று கேட்டான். பட்டறையில் அறுபது மூடி இருக்கும். தேடி, எடுத்து, வண்டி கிளம்பாமல் உதைத்து, வந்து சேர நாற்பது நிமிடம். சிம்மைப் பிரிக்காமல் மூடியோடு கொண்டுவந்தான். மூடியில் மஞ்சள் பெயிண்ட் இன்னும் காயவில்லை. மஞ்சள் கையோடு சிம்மைப் போட்டோம்.

கோடு நம்பர் வந்தது. மகள் புதுக் கடவுச்சொல் வைத்தாள், நுழைந்திருந்த தெரியாத போனை வெளியேற்றினாள். உள்ளே போய்ப் பார்த்தால் மீட்பு மெயில் என்று ஒரு புது முகவரியை அவன் சேர்த்திருந்தான், அதைத் தூக்கினாள். விட்டிருந்தால் சாயங்காலம் மறுபடி வந்திருப்பானாம். அப்புறம் இரண்டு பூட்டு முறையைப் போட்டாள்: கடவுச்சொல் தெரிந்தாலும் போனில் கேட்காமல் யாரும் நுழைய முடியாது. "ஆனா போன் கேட்டா நீங்க ஆமான்னு சொல்லப்புடாது" என்று என்னிடம் தனியாகச் சொன்னாள்.

மெயில் திரும்பியது. விளையாட்டைத் திறந்தாள். உள்ளே விடவில்லை. தடை செய்யப்பட்ட மென்பொருள் பயன்படுத்தியதால் கணக்கு நிறுத்தப்பட்டது என்று இருந்தது. கணக்கு எங்கள் கையில் இல்லாத அந்த நேரத்தில் அவன் ஏமாற்று மென்பொருளைப் போட்டு அவள் பெயரில் ஆடியிருக்கிறான். போதாததற்கு அவளுடைய கூட்டாளிகள் எல்லோருக்கும் அதே லிங்கை அனுப்பியிருக்கிறான். விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் புகார்ப் பகுதி வழியாக நடந்ததை எழுதினாள், தெரியாத போன் நுழைந்த நேரத்தைப் படம் எடுத்து இணைத்தாள். அணியின் மற்ற மூன்று பேருக்கும் தட்டாதீர்கள் என்று சொன்னாள். நான் சைபர் குற்றப் புகாரைப் பதிந்தேன். பெயிண்டர் குரூப்பில் எழுதாமல், குரலாகவே பதிவு செய்து போட்டேன்: "நான் அனுப்புன லிங்க் திருட்டு லிங்க். நான் ஏமாந்துட்டேன். தட்டுனவங்க பாஸ்வேர்ட மாத்துங்க." பதிலுக்கு ஆறு பேர் சிரிக்கிற பொம்மை அனுப்பினார்கள். சிரிக்கட்டும். சிரித்தவன் மறுபடி தட்ட மாட்டான்.

திங்கட்கிழமை மாலை பள்ளியில் கூட்டம். வகுப்பில் இரண்டு பெண்களுக்கு அந்த லிங்க் போயிருந்தது, என் மகள் பெயரில். ஒருத்தி கடவுச்சொல் வரை போட்டுவிட்டு, பயந்து உடனே மாற்றியிருக்கிறாள். பத்துப் பதினைந்து பெற்றோர். என் மகள் முன் பெஞ்சில். வகுப்பாசிரியை நல்லவர்தான், ஆனால் கூட்டத்தைத் தொடங்கியது தப்பான முனையில்: பிள்ளைகளின் ஆசையினால் வரும் வினை என்றார். எனக்கு முன்னால் இருந்த அப்பா ஒருவர், திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருப்பவர், திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க துப்பாக்கி வெளையாட்டு? போனப் புடுங்கி வெச்சா முடிஞ்சுது."

நான் எழுந்தேன். மேடைப் பேச்சு எனக்கு வராது. கோவில் திருவிழாவில் மைக் கொடுத்தாலே "ஹலோ" சொல்லிவிட்டு இறங்குகிற ஆள்.

"புடுங்கறதுன்னா என்ற போனப் புடுங்கோணுமுங்க. தட்டுனது நான். பாஸ்வேர்ட் போட்டது நான். நாந்தான்னு சொல்லி உள்ள உட்டதும் நான். இந்தப் புள்ள எதையுந் தட்டல. மூணு வருசமா அதுக்கு இந்த மாதிரி லிங்க் நூறு வந்திருக்குதாம், ஒண்ணக்கூடத் தட்டல."

அறையில் சிரிப்பு வந்தது. வரட்டும் என்று நின்றேன்.

"சிரிங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்கள்ல எத்தன பேருக்கு அந்த லிங்க் வந்துச்சு? கைய மட்டும் தூக்குங்க."

மெதுவாக ஏழு கை எழுந்தது. போர்வெல்காரர் கை கடைசியாக, அரை உயரத்தில்.

"வந்துச்சுங்க. எம் பங்காளி அனுப்புனான். நல்ல பையன்."

"எனக்கு அனுப்புனவனும் நல்ல பையன்தானுங்க. அனுப்பறவன் நல்லவனா இருக்கறதுதான் திருடனுக்கு முதலீடே. அந்தப் பையனே ஏமாந்து, பதினஞ்சு பேருக்கு அனுப்பச் சொன்னதால அனுப்பியிருப்பான். இல்லாட்டி அவன் கணக்குல வேற எவனோ உக்காந்து அனுப்புவான்."

ஆசிரியை கேட்டார்: "அப்ப எதை வெச்சுங்க கண்டுபிடிக்கறது?"

எனக்கு டப்பா மூடிதான் ஞாபகம் வந்தது. "மிஸ், எங்க பெயிண்ட் டோக்கனுக்கு நம்பரத்தான் கேப்பாங்க. இருபத்தஞ்சு வருசத்துல எந்தக் கம்பெனியும் டோக்கனுக்கு எங்க ஊட்டுச் சாவியக் கேட்டதில்ல. இவன் சாவியக் கேட்டான். அங்கயே முடிஞ்சுது. நாந்தான் பாக்கல." பிறகு கொட்டிவிட்டேன்: கடிகாரம் ஓடவிட்டு அவசரப்படுத்தியதை, ஒருவர்கூடத் திட்டாத கருத்துகளை, போன் நிரப்ப மறுத்ததை, எவனுக்கோ ஆமாம் சொன்னதை. "கடைசியா, தொறக்காத, இருபத்து நாலு மணி நேரம் பொறுன்னான். உண்மையாக் குடுக்கறவன் போய்ப் பாருன்னு சொல்லுவான். பாக்காதன்னு சொல்றவன் அந்நேரத்துல ஊட்டக் காலி பண்றானுங்க."

"இனாமாவே எதுவும் வராதுங்களா அந்த வெளையாட்டுல?" பனமரத்துப்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா கேட்டார். கையில் போன் ஏற்கெனவே திறந்திருந்தது.

 முன் பெஞ்சிலிருந்து என் மகள் திரும்பினாள். "வருமுங்க அக்கா. ஆனா கேமுக்குள்ளயே வரும். வெளிய லிங்க் வந்துச்சுன்னா நீங்க தட்டாதீங்க, கேமத் தொறந்து அங்க இருக்குதான்னு பாருங்க. அங்க இல்லாட்டி அது இல்ல."

அந்த அம்மா தன் போனைப் பார்த்தார், ஒரு பக்கத்தை மூடினார், எதையோ அழித்தார். போர்வெல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாப்பா, பாஸ்வேர்ட் போட்டுட்டா என்ன சாமி பண்ணறது?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். எல்லோருக்கும் கேட்டது. என் மகள் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, போனை வாங்கினாள். போனைப் பிடுங்க வேண்டும் என்ற பேச்சு அன்று அதற்கு மேல் போகவில்லை.

வண்டியில் வரும்போது, "நீங்க எந்திரிச்சப்போ எனக்கு மானம் போச்சுங்ப்பா" என்றாள். "இப்ப?" என்றேன். "இப்பவும் கொஞ்சம்" என்றாள். போகட்டும். ஏமாந்தவன் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வதில்தான் திருடன் பிழைப்பே ஓடுகிறது. என் வாயை மூட என் மனைவியாலேயே முடிந்ததில்லை, முகம் தெரியாத ஒருத்தனால் முடியுமா?

புகாருக்குப் பதில் ஒன்பது நாள் கழித்து வந்தது. கணக்கில் ஏமாற்று மென்பொருள் இயங்கியது உண்மை, யார் கையில் இருந்தபோது இயங்கினாலும் கணக்கைப் பாதுகாப்பது உரியவரின் பொறுப்பு, தடை நீங்காது. மகள் இரண்டு முறை படித்தாள். மறுபடி ஒரு முறை எழுதினாள். அதற்கும் அதே பதில்.

மூன்று வருடக் கணக்கு திரும்பி வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் எண் இல்லாத ஒரு புது மெயிலில் புதுக் கணக்கு திறந்து, முதல் நிலையிலிருந்து ஆடத் தொடங்கினாள். அணியில் மற்ற மூன்று பேரும் அவளையே தலைவியாக வைத்துக்கொண்டார்கள்.